காய்ச்சல் இறங்கும் நாளைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு மூன்று வயது, எடை 12 கிலோ. முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். 103 வரை போகிறது. பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் 100.8-க்கு இறங்கி, நாலைந்து மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடுகிறது. லேசாகச் சளி இருக்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. மாமியார் போர்த்திவிடச் சொல்கிறார், கணவர் ஈரத்துணி போடச் சொல்கிறார். போன தடவை வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் பாதி மிச்சம் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. எப்போது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?
– ஒரு தாய், தென்காசி

பதில்: அம்மா, முதலில் உங்களுக்கு வேண்டிய பதில்: இன்றைக்கே, பகலிலேயே, குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தாலும் சரி, நீங்கள் வழக்கமாகப் போகிற டாக்டராக இருந்தாலும் சரி. 103 என்ற எண்ணுக்காக நான் இதைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நெருங்குகிறது, தெருவில் டெங்கு இருக்கிறது, அதனால்தான். அக்கம்பக்கத்தில் டெங்கு இல்லாமல், பையன் நடுநடுவே விளையாடிக்கொண்டும் இருந்தால், இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மருந்து வேலை செய்யவில்லையோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பாராசிட்டமால் சூட்டை இரண்டு டிகிரி அளவுக்கு, ஃபாரன்ஹீட் கணக்கில், சில மணி நேரத்துக்கு இறக்கிவைக்கும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. கிருமி உள்ளே இருக்கிறவரை மூளை உடம்பின் சூட்டை மறுபடி ஏற்றத்தான் செய்யும். 98.6-க்கு வந்தே ஆக வேண்டும் என்று மருந்துக்கு மேல் மருந்து கொடுக்கிறவர்கள்தான் குழந்தையை ஆபத்தில் தள்ளுகிறார்கள். குழந்தையின் அவதி குறைந்தால் போதும், அதற்குத்தான் அந்த மருந்து.

சரி, எண்ணைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது? மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையைப் பாருங்கள். 103-ல் எந்தக் குழந்தையும் துவண்டுதான் கிடக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு வேகமாக வரும், கண் சொருகுவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சூடு 100, 101-க்கு இறங்கிய பிறகு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறானா, பொம்மையைத் தேடுகிறானா, உங்கள் கையிலிருந்து செல்போனைப் பிடுங்குகிறானா? அப்படியென்றால் பெரும்பாலும் அது சாதாரண வைரஸ் காய்ச்சல். சூடு இறங்கியும் கண் திறக்காமல், மடியிலிருந்து இறங்காமல், கூப்பிட்டால் முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனால், தெர்மாமீட்டர் 100 என்று காட்டினாலும் அந்தக் குழந்தையைத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மூச்சையும் அப்போதுதான் எண்ண வேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு, அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 40, அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. ஒரு வயதுக்குள் என்றால் 50. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கக்கூட வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி டெங்கு. உங்கள் வீட்டுக்கு இப்போது இதுதான் முக்கியம். பல பெற்றோர் தவறவிடுகிற இடம் ஒன்று இதில் இருக்கிறது. மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்குவில் சூடு இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு தானாக இறங்குகிற சமயத்தில், சில குழந்தைகளுக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் வரை அந்தக் கசிவு நடக்கும். ரத்தக்குழாய்க்குள் நீர் குறையக் குறைய ரத்த ஓட்டம் தளரும். “காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், ஆனா புள்ள ஒரு மாதிரி சோர்ந்து கெடக்கு” என்று வருகிற குழந்தையைப் பார்த்தால், 104-ல் கத்திக்கொண்டு வருகிற குழந்தையைப் பார்ப்பதைவிட எங்களுக்குப் பதற்றம் அதிகம்.

அந்த நாட்களில் கவனிக்க வேண்டியவை இவை. வயிறு வலிக்கிறது என்று விடாமல் அழுவது. திரும்பத் திரும்ப வாந்தி. மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பாக மலம். காரணமில்லாத எரிச்சல், அல்லது அசாதாரணத் தூக்கம். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் போதும், காத்திருக்கக் கூடாது.

இவற்றோடு கையும் காலும். காய்ச்சல் ஏறுகிற நேரத்தில் உடம்பு கொதிக்க, கை கால் மட்டும் சில்லென்று இருப்பது இயல்பு. ஆனால் உடம்பில் சூடே இல்லாதபோது, அறையும் குளிராக இல்லாதபோது, கையும் பாதமும் சில்லென்று இருந்தால் அது நல்ல அறிகுறியல்ல. விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். இதை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெங்கு முற்றுகிற கட்டத்தில்கூடச் சில குழந்தைகள் கடைசிவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். முன்பு சொன்ன விளையாட்டுச் சோதனை அங்கே ஏமாற்றிவிடும். கை கால் ஏமாற்றாது.

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். என்.எஸ்.1 சோதனை முதல் சில நாட்களில் டெங்குவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘இல்லை’ என்று வந்துவிட்டால் டெங்கு இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் மூன்றாம் நாளுக்குப் பிறகு திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறோம். பணம் பறிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாளில் எல்லோரும் பிளேட்லெட்டைத்தான் தேடுகிறார்கள். நாங்கள் அதே அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகமாக, பிசிவி என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்போம். உதாரணமாக, இன்று 33 இருந்த பிசிவி நாளைக்கு 40 ஆனால் ரத்தம் கெட்டியாகிறது, அதாவது நீர் கசிகிறது. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியும் பிசிவி அசையாமல் இருந்து, குழந்தை நன்றாகக் குடித்துக்கொண்டு இருந்தால், பல நேரம் தினமும் வரச்சொல்லிப் பார்த்தாலே போதும்.

மருந்தின் அளவுக்கு வருகிறேன். வீடுகளில் அதிகம் பிசகுவது இங்கேதான். பாராசிட்டமாலுக்கு வயதுக் கணக்கு வேண்டாம், எடைக் கணக்கு போடுங்கள்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் பையனுக்கு 12 × 15 = 180 மில்லிகிராம். இப்போது பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று இருந்தால் அவனுக்கு ஏறக்குறைய 3.6 மில்லி. 5 மில்லியில் 120 என்று இருந்தால் 7.5 மில்லி. கைக்குழந்தைகளுக்கு விற்கிற சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், அதில் 1.8 மில்லி போதும். மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான், டப்பாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சிரப் தீர்ந்துபோய், வீட்டில் கிடந்த சொட்டு மருந்தை அதே 7.5 மில்லி அளவில் ஊற்றினால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும். ஈரல் தாங்காது. சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள். பாட்டிலோடு வரும் அளவு மூடி இருக்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் ஆறு மணி நேரம். ரொம்ப அவதிப்பட்டால் நாலு மணி நேரத்தில் கொடுக்கலாம், அதற்கும் முன்னால் கூடாது. 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். நிம்மதியாகத் தூங்குகிற குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை. அதே நேரத்தில் சளி சிரப் எதையும் சேர்க்காதீர்கள். அவற்றில் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது, உங்களுக்கே தெரியாமல் இரட்டிப்பாகிவிடும். சளிக்கென்று விற்கிற குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலவையை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023-ல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே லேபிளில் போடச் சொல்லியிருக்கிறது. உங்கள் பையனுக்கு மூன்றுதான் ஆகிறது.

சூடு சீக்கிரம் இறங்கட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் இபுபுரூஃபன் அல்லது மெஃபனாமிக் அமிலம் கலந்த சிரப் எடுத்துக் கொடுப்பார்கள். டெங்கு சந்தேகம் தீருகிறவரை இரண்டையும் தொடாதீர்கள். வயிற்றைப் புண்ணாக்கி ரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினும் கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டது. பழைய பாட்டில் எங்காவது கிடந்தால் கொட்டிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் அதே குப்பைத்தொட்டிக்குத்தான். தண்ணீர் கலக்கிய சிரப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குமேல் வீரியத்தோடு இருக்காது. இருந்தாலும் வைரஸ் காய்ச்சலை அது தொடாது. ஒருவேளை இது டைஃபாய்டாக இருந்தால் அரைகுறையாகக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் ரத்தக் கல்ச்சரில் கிருமி வளரவிடாமல் செய்து நோயை மறைத்துவிடும்.

போர்வைக்கும் ஈரத்துணிக்கும் வீட்டில் சண்டை வேண்டாம், இருவர் சொல்வதும் பாதி சரி. சூடு ஏறும்போது மூளை உடம்புக்கு ‘இன்னும் சூடு போதாது’ என்று உத்தரவு போடுகிறது, அதனால் நடுங்குகிறது. அந்த நேரத்தில் மாமியார் சொல்வதுபோல் ஒரு மெல்லிய பருத்திப் போர்வை போடலாம். நடுக்கம் நின்று, உடம்பெல்லாம் கொதிக்கத் தொடங்கியதும் போர்வையை எடுத்துவிடுங்கள். ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எதுவும் வேண்டாம். ஃபேன் ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈரத்துணியைப் பொறுத்தவரை, நடுங்குகிற குழந்தைமேல் போட்டால் உடம்பு இன்னும் நடுங்கிச் சூட்டைக் கூட்டும், குழந்தையும் அலறும். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துடைத்தால் குழந்தைக்கு இதமாக இருக்கும். இதமாக இருக்கிறவரை செய்யுங்கள், அழுதால் விட்டுவிடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது, ஸ்பிரிட் தேய்ப்பது கூடவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு மூன்று நாளைக்குக் கவலைப்படாதீர்கள், நீரைப் பற்றிக் கவலைப்படுங்கள். 12 கிலோ குழந்தைக்குச் சாதாரண நாளிலேயே பால், கஞ்சி, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,100 மில்லி அளவுக்கு வேண்டும். காய்ச்சலில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரு லிட்டர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எவ்வளவு உள்ளே போனது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே மூச்சில் டம்ளர் நிறையக் கொடுத்தால் வாந்தி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஸ்பூன் போதும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இளநீர், மோர், ரசம் விட்டுக் குழைத்த சாதம், எது இறங்குகிறதோ அது. ஓ.ஆர்.எஸ். என்றால் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்குங்கள், பாதிப் பாதியாகக் கலக்காதீர்கள். மாதுளை ஜூஸ், பீட்ரூட் ஜூஸ் போன்ற சிவப்புப் பானங்களை இந்த ஒரு வாரம் தவிர்த்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் அது ஜூஸா ரத்தமா என்று எங்களுக்கே தெரியாது. நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு பற்றி அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்குக் கசப்பைத் திணித்து, குடித்த கஞ்சியையும் வாந்தியாக வெளியே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் அறவே இல்லை.

உங்கள் பையன் வயதில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், மூளைக்குக் கெடுதல் செய்யாது. வந்தால் தரையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் கூடாது. கையில் சாவி கொடுப்பதாலும் எதுவும் ஆகப்போவதில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நின்று மறுபடி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை வருகிற வலிப்பு என்றால் சீக்கிரம் நின்றாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். மணிக்கணக்கு தவறாமல் பாராசிட்டமால் கொடுப்பதால் வலிப்பைத் தடுக்க முடியாது, அதனால் அந்தப் பயத்தில் அளவைக் கூட்டாதீர்கள்.

இந்தப் பதிலைக் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. 100.4-ஐத் தொட்டால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கக்கூடாது. அந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவினாலும் வெளியே காட்டத் தெரியாது. ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட ஓரிரு நாளில் வரும் காய்ச்சலாக இருந்தாலும், பாலை மறுத்தாலோ, அழுகை மெலிந்து முனகலாக மாறினாலோ தடுப்பூசிமேல் பழியைப் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

உங்கள் பையனுக்கு டெங்கு இல்லை என்று தெரிந்து, அப்படியும் ஐந்து நாளைத் தாண்டிக் காய்ச்சல் நீடித்தால் கதை வேறு. அப்போது குளிப்பாட்டும்போது அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், காதுக்குப் பின்புறம் எல்லாம் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு, வலியில்லாமல் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. தமிழ்நாட்டில், குறிப்பாக மழைக்காலத்திலும் அதற்குப் பிந்திய குளிர்காலத்திலும், புதரும் புல்லும் உள்ள இடங்களை ஒட்டிய ஊர்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். அந்தப் பொருக்கை நீங்கள் காட்டாவிட்டால் அவசரத்தில் நாங்களும் பார்க்காமல் விட வாய்ப்பிருக்கிறது.

இன்று கிளம்பும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், ஒவ்வொரு முறை அளந்த சூடு (அக்குளில் அளந்ததா, நெற்றிக் கருவியா என்பதும்), கொடுத்த மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது. மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்னால், அடுத்த ரத்தப் பரிசோதனை எந்த நாளில் என்று கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டாலும் அந்தப் பரிசோதனைக்குக் கட்டாயம் போய்விடுங்கள்.